"வாங்கு" பொத்தானுக்கு அடியில் இருக்கும் ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்?

"ஸ்டீமில் கேம் வாங்கும்போது ஒப்பந்தத்தைப் படிக்காமலே டிக் போட்டுவிடுகிறேன். அவ்வளவு நீளத்தில் எதைத்தான் படிப்பது? காசு கொடுத்த கேம் என்னுடையதா, இல்லையா? ஆர்பிட்ரேஷன் என்று ஒன்று போட்டிருக்கிறார்களே, அதற்கு ஒத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?"

படிப்பதற்கு முன்னால், எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணிப் பாருங்கள். பலர் கடையின் ஒப்பந்தம் ஒன்றுதான் இருப்பதாக நினைக்கிறார்கள். பெரிய வெளியீட்டாளர் ஒருவரின் கேமை ஸ்டீமில் வாங்கினால் பெரும்பாலும் மூன்று இருக்கும். முதலாவது ஸ்டீமின் `Steam Subscriber Agreement`. இரண்டாவது அந்த கேமை வெளியிட்டவரின் `EULA`, அதாவது பயனர் உரிம ஒப்பந்தம். மூன்றாவது அந்த வெளியீட்டாளருடைய சொந்த லாஞ்சரில் கணக்கு திறக்கும்போது நீங்கள் ஏற்கும் விதிகள். கேமை உங்களிடமிருந்து பறிக்கக்கூடிய வரி இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். கடை நல்ல கடையாகவே இருந்தாலும் வெளியீட்டாளர் கதவைச் சாத்தினால் கடையால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றனவா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஸ்டீமில் கேமின் பக்கத்தில் வலது ஓரத்தில் `Requires 3rd-Party Account`, `Requires agreement to a 3rd-party EULA` என்று சிறிய பெட்டிகள் இருக்கும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் உரிம ஒப்பந்தம் திறக்கும். அங்கேயே படித்துவிடுங்கள். இல்லையென்றால் கேமை முதல் தடவை திறக்கும்போதுதான், அதாவது காசு போன பிறகுதான், அது கண்ணில் படும். அப்போது ஏற்க மனமில்லை என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒப்பந்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு ஆற அமரப் படித்தால் அந்த நேரமும் விளையாடிய நேரமாக ஏறலாம். திரையை மூடிவிட்டு, அதே உரையை பிரவுசரில் தேடி எடுத்துப் படியுங்கள்.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பிரவுசரில் திறந்து, `Ctrl+F` அழுத்தி, இந்தத் துண்டுச் சொற்களைத் தேடினால் முக்கியமான பத்திகள் எல்லாம் கிடைத்துவிடும்.

```
licens
terminat
arbitrat
opt
class
amend
```

சொற்களைப் பாதியில் நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. `terminat` என்று தேடினால் `terminate`, `termination` இரண்டும் அகப்படும். `opt out` என்று முழுதாகத் தேடினால், இடையில் கோடு போட்டு `opt-out` என்று எழுதியிருக்கும் இடம் தப்பிவிடும். `amend` கிடைக்காவிட்டால் `modif`, `change` என்று தேடிப் பாருங்கள்.

இனி சொத்துரிமை. ஸ்டீமின் ஒப்பந்தத்தில் அது ஒளிவுமறைவின்றியே இருக்கிறது: `The Content and Services are licensed, not sold.` உள்ளடக்கம் உரிமமாகத் தரப்படுகிறது, விற்கப்படவில்லை. இந்த உரிமத்தால் உங்களுக்கு உடைமை எதுவும் வராது என்பது அடுத்த வரி. "இப்படி எழுதிவிட்டால் போதுமா? கடையில் வாங்கு என்றுதானே போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாநிலங்களில், கிட்டத்தட்டப் போதும். 2010-இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. இது உரிமம் என்று எழுதியிருக்கிறதா? பிறருக்குக் கைமாற்றுவதைப் பெரிதும் தடுத்திருக்கிறதா? பயன்படுத்துவதற்குக் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கியவர் உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே. கேம் ஒப்பந்தங்களில் இந்த மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி தொடங்கியது. 2012-இல் யூஸ்ட்சாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையறை இல்லாத உரிமத்தை ஒரே தொகைக்குக் கொடுத்தால் அது விற்பனைதான், அந்த மென்பொருள் பிரதியை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதை நம்பி பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று, ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குப் போட்டு 2019-இல் பாரிஸில் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. கேம் என்பது வெறும் மென்பொருள் அல்ல. இசை, படம், கதை எல்லாம் சேர்ந்த கலவை, அதனால் அந்த மென்பொருள் விதி பொருந்தாது என்பது அதன் வாதம். ஆக, ஸ்டீமில் வாங்கியதை இன்னொருவருக்கு விற்கும் வழி இன்று அங்கும் இல்லை.

கலிஃபோர்னியா இன்னொரு பக்கத்திலிருந்து கை வைத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 2426 என்ற சட்டம் உரிமத்தைத் தடுக்கவில்லை. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு "வாங்கு" என்று சொல்வதைத்தான் தடுக்கிறது. அந்தச் சொல்லை வைத்தால் கிடைப்பது உரிமம்தான் என்று பளிச்சென்று காட்ட வேண்டும். பணம் கட்டும் இடத்தில் ஸ்டீம் அப்படியொரு வரியை 2024 அக்டோபரிலேயே சேர்த்துவிட்டது. இதில் படிப்பவருக்கு உதவுவது அந்தச் சட்டத்தில் இருக்கும் விதிவிலக்கு: நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. ஜிஓஜி கடை அதை உடனே விளம்பரமாக்கிக்கொண்டது. எங்களிடம் வாங்கினால் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் உங்கள் கையில், அதை யாரும் பறிக்க முடியாது என்றது. ஆனால் ஜிஓஜியின் ஒப்பந்தத்திலும் சொல் "உரிமம்"தான். ஆக, சட்டப்படி இரண்டு கடைகளிலும் உங்கள் நிலை ஒன்றே. நடைமுறையில் வித்தியாசம் பெரிது, ஏனென்றால் ஓரிடத்தில் கோப்பு உங்கள் வன்வட்டில் இருக்கிறது, அது யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடுகிறது. இறக்கி வைத்திருந்தால்தான். இறக்காமல் கடையின் சர்வரிலேயே விட்டிருந்தால் ஜிஓஜியில் வாங்கியதும் மற்றதும் ஒன்றுதான்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீம் கேம் எந்த ரகம் என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. `steamapps\common` என்ற ஃபோல்டருக்குள் கேமின் ஃபோல்டர் இருக்கும். அதை வேறிடத்துக்கு நகல் எடுத்து, ஸ்டீமை முழுதாக மூடி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே இருக்கும் `.exe` கோப்பை நேரடியாக இயக்குங்கள். சில கேம்கள் தாமாகவே ஓடும். சில ஸ்டீமைத் திறக்கச் சொல்லும். ஸ்டீமின் ஆஃப்லைன் முறையில் அவை ஓடக்கூடும். சில சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும். இந்த மூன்றாவது ரகத்துக்கு, சேவையையும் உரிமத்தையும் நிறுத்துவது பற்றி ஒப்பந்தம் சொல்லும் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

அந்தப் பத்தி என்ன செய்யும் என்பதை யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் பந்தய கேமில் அப்படியே பார்க்கலாம். 2014 டிசம்பரில் வந்தது. தனியாக விளையாடினாலும் சர்வர் இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இதுவரை பெரிய பாதகம் இல்லை. விற்பனையை நிறுத்துவது வேறு, சேவையை நிறுத்துவது வேறு. பொதுவாகக் கடையிலிருந்து எடுத்த கேமை முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து இறக்கிக்கொள்ளலாம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். டிஸ்க் தட்டில் வாங்கியவருக்கும் அன்றோடு கேம் முடிந்தது, ஏனென்றால் தட்டில் இருந்தது கேமின் ஒரு பாதிதான். அடுத்த மாதம், பயனர்களின் யூபிசாஃப்ட் கணக்கில் இருந்த உரிமத்தையும் நீக்கத் தொடங்கினார்கள். கேமைத் திறந்தால் உங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று வந்தது.

இவற்றில் சர்வர் நிறுத்தம், உரிம நீக்கம் என்ற கடைசி இரண்டு படிகளையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாகத் தேட வேண்டும். சர்வர் நிறுத்தம் பெரும்பாலும் "ஆன்லைன் அம்சங்கள்" என்ற தலைப்பில் இருக்கும். முன்னறிவிப்பு நாட்கள் எத்தனை, அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்புவார்களா, இணையதளத்தில் போடுவதோடு சரியா என்று பாருங்கள். உரிமத்தை நீக்குவது `Termination` தலைப்பில் இருக்கும். அங்கே, நீங்கள் விதியை மீறினால் மட்டும் முடிக்கலாமா, அவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் முடிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஸ்டீமின் ஒப்பந்தம் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது: நீங்கள் விதி மீறினாலோ, உங்களைப் போன்ற எல்லாருக்குமே அந்தச் சேவையை நிறுத்தினாலோ ரத்து செய்யலாம். யூபிசாஃப்டின் ஒப்பந்தத்தில், எந்தக் காரணத்தால் முடிந்தாலும் கேமை நீக்கி எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. 2025-இல் அது இணையத்தில் பெரிய சர்ச்சையானது. உங்கள் வீட்டுக்கு யாரும் வந்து தட்டை உடைக்கப் போவதில்லை. அந்த வரியின் வேலை வேறு: முடிந்த பிறகும் நீங்கள் வைத்திருக்கும் பிரதியை, ரசிகர்கள் நடத்தும் தனி சர்வரில் ஓட்டுவதற்கு உரிமம் துணை நிற்காது.

தி க்ரூ வாங்கிய இருவர் 2024 நவம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். கொடுத்தது வரையறுக்கப்பட்ட உரிமம் மட்டுமே என்று யூபிசாஃப்ட் பதில் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் பெட்டிக்குள் இருந்த செயல்படுத்தும் குறியீட்டை எடுத்துக் காட்டினார்கள். அதன் காலாவதி ஆண்டு 2099. உரிம ஒப்பந்தத்தைப் போலவே பெட்டி, விற்பனைப் பக்கம், ரசீது ஆகியவையும் வழக்கில் சான்றாக வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்தது ஆர்பிட்ரேஷன். நீதிமன்றத்துக்குப் பதிலாக, தனியார் அமைப்பு ஒன்று நியமிக்கும் நடுவர் உங்கள் வழக்கைத் தீர்ப்பார் என்பது அதன் பொருள். ஜூரி இல்லை, மேல்முறையீடு ஏறக்குறைய இல்லை, விசாரணை வெளியே தெரியாது. ஆனால் உங்கள் கையைக் கட்டுவது இவற்றைவிட இதனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வரி: `class action waiver`. பலரோடு சேர்ந்து கூட்டு வழக்குப் போட மாட்டேன் என்ற உறுதிமொழி. ஒரு கேமின் விலை சிறிய தொகை. அதற்காகத் தனி ஆளாக வழக்கறிஞர் வைத்து வழக்காட யாரும் போக மாட்டார்கள். லட்சம் பேர் சேர்ந்தால்தான் அந்தச் சிறிய தொகைக்கு எடை வரும். அந்தச் சேர்க்கையைத்தான் இந்த வரி தடுக்கிறது. 2011-இல் ஏடி அண்ட் டி எதிர் கான்செப்சியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படித் தடுப்பதைச் செல்லும் என்று சொன்ன பிறகு, கடைகள் வரிசையாக இதைச் சேர்த்தன. வால்வ் 2012-இல் சேர்த்தது.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நடுவர் முறையில் கட்டணத்தின் பெரும்பங்கை நிறுவனமே கட்ட வேண்டும். இதைக் கவனித்த வழக்கறிஞர்கள் கூட்டு வழக்குக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான தனித்தனிக் கோரிக்கைகளை ஒரே நாளில் தாக்கல் செய்யத் தொடங்கினார்கள். டோர்டேஷ் என்ற உணவு விநியோக நிறுவனத்தின் வழக்கில் 2020-இல் நீதிபதி 5,010 பேரின் கோரிக்கைகளை நடுவரிடம் எடுத்துச் செல்ல உத்தரவிட்டார். ஒரு கோரிக்கைக்கு நிறுவனம் கட்ட வேண்டியது 1,900 டாலர். பெருக்கிப் பாருங்கள், 95 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது, விசாரணை தொடங்குவதற்கு முன்பே. வால்வுக்கும் இதே பாணியில் கோரிக்கைகள் குவிந்தன. 2024 செப்டம்பர் 26 அன்று வால்வ் தன் ஒப்பந்தத்திலிருந்து ஆர்பிட்ரேஷன் பகுதியையும் கூட்டு வழக்குத் தடையையும் நீக்கிவிட்டது. தகராறு இருந்தால் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி நீதிமன்றங்களுக்கு வர வேண்டும் என்று மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோருக்கு இந்தக் கட்டு முன்பும் இல்லை. தங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போடும் உரிமையை அங்குள்ள சட்டம் அவர்களுக்குத் தருகிறது.

ஆக, ஸ்டீமின் ஒப்பந்தத்தில் இன்று அது இல்லை. மற்ற கடைகளிலும், ஸ்டீமிலேயே விற்கும் வெளியீட்டாளர்களின் தனி ஒப்பந்தங்களிலும் இருக்கலாம். `arbitrat` என்று தேடி அகப்பட்டால் உடனே பார்க்க வேண்டியது விலகும் வழி. பல ஒப்பந்தங்களில் 30 நாள் அவகாசம் இருக்கும், ஏற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். சோனியின் ப்ளேஸ்டேஷன் விதிகளில், அமெரிக்கப் பயனர்களுக்கு, இது தபாலில் அனுப்ப வேண்டிய கடிதமாக இருந்து வந்திருக்கிறது. உங்கள் பெயர், முகவரி, கணக்குப் பெயர், நடுவர் மூலம் தகராறைத் தீர்க்க விருப்பமில்லை என்ற தெளிவான வாக்கியம், இவ்வளவுதான் வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. உள்ளடக்கம் இந்த அளவுக்கு எளியது:

```
I do not wish to resolve disputes with [company]
through arbitration. Name: ...  Address: ...
Account ID: ...  Date: ...
```

இது எங்கே சறுக்குகிறது என்றால், பெரும்பாலும் வழியில்தான். தபாலில் அனுப்பு என்றிருக்கும் இடத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு டிக்கெட் போட்டால் அது செல்லாது. திரையில் தெரியும் புனைபெயரை எழுதி, கணக்கின் உண்மையான அடையாளத்தை விட்டுவிட்டால் அந்தக் கடிதம் எந்தக் கணக்குக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதையும், கடிதத்தின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகியதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். விலகுவதால் கணக்கு முடங்காது. `class` என்று தேடியபோது கிடைத்த வரி அதே பத்திக்குள் இருக்கிறதா, தனிப் பத்தியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தனியாக இருந்தால், ஆர்பிட்ரேஷனிலிருந்து விலகிய பிறகும் கூட்டு வழக்குத் தடை உங்கள் மீது நிற்கலாம்.

விலகும் நாட்கள் தாண்டிவிட்டாலும் ஒரு சந்து பெரும்பாலும் திறந்திருக்கும். சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற விதிவிலக்கு. `small claims` என்று தேடினால் அகப்படும். ஒரு கேமின் பணத்தைத் திரும்பப் பெற அதுவே பொருத்தமான இடமும்கூட. ஆனால் அதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அதைச் செய்யாமல் நேரே போனால் முதல் நாளே அதைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கேட்பார்கள்.

கடைசியாக `amend`. நேற்று நீங்கள் படித்தது நாளை மாறலாம் என்று சொல்லும் பத்தி இது. வால்வ் 2024-இல் மாற்றியபோது பழைய பயனர்களுக்கு நவம்பர் 1 வரை அவகாசம் கொடுத்தது. ஏற்க விருப்பமில்லை என்றால் அதற்குள் கணக்கை நீக்கலாம் என்றது. அந்த மாற்றம் பயனருக்குச் சாதகமாக இருந்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் பாதகமான மாற்றமும் இதே வாசல் வழியாகத்தான் வரும்: மறுக்க வேண்டுமானால் இத்தனை ஆண்டுகள் சேர்த்த கேம்கள் எல்லாவற்றையும் விட வேண்டும். அதனால் "விதிகளைப் புதுப்பித்துள்ளோம்" என்ற மின்னஞ்சல் வந்தால் அழிக்காமல் திறந்து, மேலே சொன்ன ஆறு சொற்களை மறுபடி தேடுங்கள். ஆர்பிட்ரேஷன் புதிதாக முளைத்திருந்தால் விலகும் நாட்களும் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். முன்பே விலகியவர் மறுபடி கடிதம் எழுத வேண்டுமா என்பதையும் அந்தப் பத்தியே சொல்லும். தெளிவாக இல்லாவிட்டால் இன்னொரு கடிதம் அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

பெரிய தொகை கொடுத்து வாங்கும்போது, அன்றைய ஒப்பந்தத்தை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பக்கத்தில் எங்காவது இருக்கும் `Last updated` தேதி அதில் தெரிய வேண்டும். கேமின் விற்பனைப் பக்கத்தையும் முழுதாகப் படம் பிடித்து, ரசீது மின்னஞ்சலோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். அந்த ஃபோல்டர் ஸ்டீம் கணக்குக்கு வெளியே, வேறு வட்டில் இருக்கட்டும்.